போன டிரில் வந்ததா? இரவல் கருவிகளுக்குக் கணக்கு வைப்பது எப்படி

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கருவிகளைக் கொடுத்து வாங்குவதுதான் என் வேலை. காட்பாடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் சங்கக் கூடத்து அலமாரி ஒன்றில் ஹேமர் டிரில், பைப் ரிஞ்ச், கடப்பாரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சில சாமான்கள் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஏணியும் சாத்தியிருக்கும். கேட்பவர் எடுத்துப் போய் வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சத்துவாச்சாரியிலும் ஆற்காட்டிலும் இதேபோல் தொடங்க நினைப்பவர்கள் கணக்கை எப்படி வைப்பது என்று கேட்பதால் எழுதுகிறேன்.

பெரும்பாலோர் கருவிகளின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எடுத்தவர் பெயரைக் குறிக்கிறார்கள். அடுத்தவர் எடுக்கும்போது பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கருவிக்கு ஒரு வரி என்று இருக்கக் கூடாது, ஒவ்வொரு இரவலுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். எழுதிய வரியை ஒருநாளும் அழிக்கக் கூடாது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் அலமாரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஹேமர் டிரில்லை ஜனவரி 5 அன்று ஓர் ஆசிரியர் எடுத்தார். 7ஆம் தேதி தர வேண்டும், 8ஆம் தேதி மாலை யாரும் இல்லாத நேரத்தில் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த நாள் ஓர் எலக்ட்ரீசியன் எடுக்க வந்து பெட்டியைத் திறந்தால், பிட்டை இறுக்கும் சக் சாவி இல்லை. அது இல்லாமல் டிரில் எதற்கும் உதவாது. பெயரை அழித்து எழுதும் பட்டியலாக இருந்தால், சாவி இல்லாததற்கு எலக்ட்ரீசியன்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். முந்தைய வரி அப்படியே இருந்ததால் ஆசிரியருக்குப் போன் போட்டோம். சாவி அவர் வீட்டுப் பரணில் கிடந்தது.

அன்றிலிருந்து, பெட்டியைத் திறந்து சாவி, பிட், ஒயர் எல்லாம் பார்த்த பிறகுதான் வந்த தேதியை எழுதுகிறோம். பொருள் வந்தது வேறு, முழுசாக வந்தது வேறு. அதனால் ‘குறை’ என்று தனிக் கட்டமும் உண்டு.

கூகுள் ஷீட்டில் A முதல் H வரை எட்டுக் கட்டங்கள் போதும்: எண், கருவி, எடுத்தவர், எடுத்த நாள், கெடு, வந்த நாள், குறை, நிலை. கடைசிக் கட்டத்தைக் கையால் நிரப்பாதீர்கள். ‘வெளியில்’ என்று எழுதி வைத்தால், கெடு தாண்டிய பிறகும் யாராவது மாற்றும்வரை அது ‘வெளியில்’ என்றே நிற்கும். தேதிகளைப் பார்த்து ஷீட்டே சொல்லட்டும்:

```
=IF(E2="","",IF(F2="",IF(TODAY()>E2,"கெடு தாண்டியது","வெளியில்"),IF(G2<>"","குறையோடு வந்தது","வந்தது")))
```

இதை H2வில் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் சில இடங்களில் எதுவுமே கெடு தாண்டியதாகக் காட்டாது. பார்ப்பவர்கள் ஜனங்கள் ஒழுங்காகத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் தேதி முறைதான் காரணம். ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். நாம் ஜனவரி 7 என்று நினைத்து 07/01 என்று போடுவது அதற்கு ஜூலை 1. ஆறு மாதம் அது வாயே திறக்காது. 25/01 என்று போட்டால் 25ஆவது மாதம் கிடையாதே, அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எண்ணோடு ஒப்பிடும்போது எழுத்தை எப்போதும் பெரியதாக ஷீட் கருதுவதால் அந்த இரவலுக்குக் கெடு வரவே வராது. கண்டுபிடிப்பது எளிது: நீங்கள் ஓரம் மாற்றாதவரை, சரியான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனது இடப்பக்கம் நிற்கும். File > Settings > Locale போய் India என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு, பழைய தேதிகளை ஒருமுறை சரிபார்த்துத் திரும்ப அடித்துவிடுங்கள்.

கூடுதல் நாள் கேட்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கெடுவைத் திருத்தாதீர்கள். பழைய வரியில் இன்றைய தேதியை வந்த நாளாகப் போட்டு, அதே பெயரில் புது வரி தொடங்குங்கள். ஏணி எத்தனை முறை ஒரே வீட்டில் தங்கியது என்பது அப்போதுதான் தெரியும். இன்னொரு ஏணி வாங்க வேண்டுமா என்று சங்கத்தில் பேச அந்த வரிகள்தான் ஆதாரம்.

எடுத்தவர் பக்கத்து வீட்டுக்குக் கை மாற்றிவிடுவதும் நடக்கும். வரியில் யார் பெயர் இருக்கிறதோ பொறுப்பு அவருடையது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். போனில் சொன்னாலும் போதும், பழைய வரியை முடித்துவிட்டு வாங்கியவர் பெயரில் புது வரி எழுதிக்கொள்வோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் அலமாரியில் இருப்பதை எண்ணுவார், இன்னொருவர் ஷீட்டில் வந்த நாள் காலியாக உள்ள வரிகளை எண்ணுவார். இரண்டையும் கூட்டினால் மொத்தக் கருவிகளின் எண்ணிக்கை வர வேண்டும். குறைந்தால், எழுதாமல் ஒன்று வெளியே போயிருக்கிறது. கூடினால், திரும்பி வந்த ஒன்றுக்கு யாரோ வந்த தேதி போடவில்லை.