ட்ரே நிற்பது பேக்கிங்கில், தாமதம் மேல் தளத்தில்

பெங்களூரின் தெற்கு ஓரம், அத்திப்பள்ளிப் பக்கத்துக் கிடங்குகளில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். காலை ஷிப்டுக்கு ஓசூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு கிடங்கில் ஆர்டர்கள் தாமதமாகின்றன என்று என்னை அழைத்திருந்தார்கள். வீட்டு உபயோகப் பொருட்களை இணைய ஆர்டருக்கு அனுப்பும் இடம். சூப்பர்வைசர் விடையைத் தயாராக வைத்திருந்தார்: "சார், பேக்கிங்ல ஆள் பத்தல. ரெண்டு மேஜை சேர்த்துப் போட்டுட்டா சரியாயிடும்."

அவர் சொன்னதற்குக் காரணம் கண்ணெதிரிலேயே இருந்தது. பேக்கிங் மேஜைகளுக்குப் பக்கத்து ரேக்கில் ட்ரேக்கள் அடுக்கடுக்காக நின்றன. எங்கே குவிகிறதோ அங்கேதான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மேஜைக்குக் காசு கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியது ஸ்கேன் பதிவை. ஒவ்வொரு ஆர்டரும் கைமாறும்போது யாரோ ஒருவர் ஸ்கேனரை அழுத்துகிறார். கிடங்கு மென்பொருள் அந்த நொடியைக் குறித்து வைக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில் சிலவற்றில் வேலை நடக்கிறது. மற்றவற்றில் ஆர்டர் சும்மா நிற்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்று பொருள் கொண்ட ஒரு ஆர்டரின் பதிவு இது:

```
order_created   10:04
wave_released   11:00
pick_scan       11:12
pick_scan       11:19
pick_scan       12:51
pack_start      12:58
pack_done       13:02
gate_out        16:30
```

வந்ததிலிருந்து லாரி கேட்டைத் தாண்டும் வரை 386 நிமிடம். அதில் பேக்கிங் எடுத்துக்கொண்டது 4 நிமிடம். பேக்கிங் மேஜைக்காகக் காத்திருந்தது 7 நிமிடம். இரண்டு மேஜை இல்லை, பத்து மேஜை போட்டாலும் இந்த ஆர்டருக்கு மிச்சமாவது அதிகபட்சம் அந்த 7 நிமிடம்தான்.

மீதி எங்கே போனது? வேவ் திறக்கும் வரை 56 நிமிடம். கிடங்கில் ஆர்டர்களை ஒவ்வொன்றாக எடுக்காமல் மொத்தமாகச் சேர்த்து, ரேக்கிலிருந்து பொருளை எடுத்துவரும் பிக்கர்களுக்கு ஒரு நேரத்தில் விடுவார்கள். அதைத்தான் வேவ் என்பார்கள். அப்புறம் முதல் பொருளை எடுக்க ஆள் வரும் வரை 12 நிமிடம். முதல் பொருளுக்கும் கடைசிப் பொருளுக்கும் நடுவில் 99 நிமிடம். பேக் ஆன பிறகு லாரிக்காக 208 நிமிடம்.

மிக நீளமான காத்திருப்பு லாரிக்காக என்பது பார்த்ததும் தெரிகிறது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அறிக்கையில் "டிஸ்பாட்ச் தாமதம்" என்று எழுதி கூரியர்காரரைக் கூப்பிட்டு இன்னொரு வண்டி கேட்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லாரி ஒரு அட்டவணைப்படி வருவது. இந்தக் கிடங்கில் மதியம் 1 மணிக்கு ஒரு வண்டி, மாலை 4:30-க்கு ஒரு வண்டி. மதிய வண்டியில் ஏற்றுவதை 12:45-க்கு நிறுத்திவிடுவார்கள். நம் ஆர்டர் பேக் ஆனது 13:02. அதாவது 17 நிமிடத்தில் வண்டியைத் தவறவிட்டு, அதற்காக மூன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. அந்த 208 நிமிடம் வண்டியின் கணக்கில் விழுந்தாலும் அது பிறந்தது அதற்கு முன்னால் எங்கோ.

அட்டவணையோடு கட்டப்பட்ட காத்திருப்பை நிமிடத்தில் அளப்பதை விட, கட்-ஆஃப் நேரத்துக்கு எவ்வளவு பின்னால் பேக் ஆனது என்று அளப்பது பயன் தரும். மதிய வண்டிக்குப் போயிருக்க வேண்டிய ஆர்டர்களை மட்டும் பிரித்து, `pack_done` நேரத்திலிருந்து 12:45-ஐக் கழித்துப் பார்த்தோம். தவறவிட்டவற்றில் பெரும்பகுதி அரை மணிக்குள்தான் தவறவிட்டிருந்தது. இது நல்ல செய்தி. இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால் கிடங்கின் வேலை முறையையே மாற்ற வேண்டியிருக்கும். அரை மணியை எங்கிருந்தாவது எடுத்துவிடலாம்.

எடுப்பதற்கு இடம் அந்த 99 நிமிடம். பதிவை மறுபடி பாருங்கள்: முதல் இரண்டு பொருட்கள் 11:19-க்குள் ட்ரேக்கு வந்துவிட்டன. மூன்றாவது 12:51-க்குத்தான் வந்தது. அதுவரை அந்த ட்ரே பேக்கிங் மேஜைக்குப் பக்கத்து ரேக்கில் துணைக்காகக் காத்து நின்றது. சூப்பர்வைசர் கண்ணில் பட்ட குவியல் இதுதான். பேக் செய்ய ஆளில்லாமல் நின்றவை அல்ல, பேக் செய்யவே முடியாத அரைகுறை ட்ரேக்கள்.

இதை மொத்த ஆர்டர்களுக்கும் கணக்கிடுவது சின்ன வேலை:

```sql
SELECT order_id,
       COUNT(*) AS picks,
       MAX(event_time) - MIN(event_time) AS pick_wait
FROM order_events
WHERE event = 'pick_scan'
GROUP BY order_id;
```

எக்செல்லில் செய்கிறவர்கள் `MINIFS`, `MAXIFS` இரண்டையும் வைத்து இதையே எடுத்துவிடலாம். நேரத்தோடு தேதியும் அந்தக் கட்டத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டிய ஆர்டருக்கு இடைவெளி கிட்டத்தட்ட ஒரு முழு நாள் என்று தப்பாகக் காட்டும்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே சுருக்கினால் ஏமாந்துபோவோம். அந்தக் கிடங்கின் ஆர்டர்களில் பாதிக்கு மேல் ஒரே பொருள் கொண்டவை. ஒரே பொருள் என்றால் முதல் பிக்கும் கடைசிப் பிக்கும் ஒன்றே; இடைவெளி சுழியம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால், அந்த நடு மதிப்பும் சுழியம்தான். மேலாளரின் மாத அறிக்கையில் இந்தக் காத்திருப்பு தலைகாட்டாததற்கு இதுவே காரணம். `picks` ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்ததும் கதை மாறியது. அதற்குள்ளும், எந்தப் பொருள் கடைசியாக வந்தது, அது எந்தத் தளத்தில் இருந்தது என்று பார்த்தால் மேல் தளம் மறுபடி மறுபடி வந்தது. மெசனைன் என்று இரும்புப் பலகை போட்டுக் கட்டிய அரைத் தளம். சின்னச் சின்னப் பொருட்கள் அங்கே. பிக்கர் ஒரே ஒருவர். அவர் கையில் இருக்கும் பட்டியல் ரேக் வரிசைப்படி அச்சாகிறது, நடை குறையும் என்பதற்காக. எது மதிய வண்டிக்கு, எது மாலை வண்டிக்கு என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அவரும் வேகமானவர்தான். அவசரமான பொருள் பட்டியலின் கடைசி ரேக்கில் இருந்தால் அவர் என்ன செய்வார், பாவம்.

இத்தனையும் சொல்லும் முன் நான் பதிவையே சந்தேகப்படுவேன். ஸ்கேன் நேரம் என்பது வேலை நடந்த நேரம் அல்ல, பட்டனை அழுத்திய நேரம். ஒரே ஆளின் பெயரில் ஒரே நிமிடத்தில் முப்பது `pack_done` இருந்தால், அவர் முப்பது பெட்டியையும் கட்டி வைத்துவிட்டுக் கடைசியில் வரிசையாக ஸ்கேன் செய்திருக்கிறார் என்று பொருள். அந்தப் பதிவில் பேக்கிங் நேரம் எல்லாமே பொய். ஆள்வாரியாக, நிமிடவாரியாக எண்ணிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அதே போல, ஒரு மென்பொருள் உலகப் பொது நேரத்திலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் எழுதினால் இடைவெளிகள் சரியாக 330 நிமிடம் விலகி நிற்கும். பேக் ஆவதற்குச் சில மணி நேரம் முன்பே லாரி கிளம்பியதாகக் காட்டும் பதிவை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஆர்டர்களைத் தேர்வு செய்யும் விதம். "இந்த வாரம் அனுப்பியவை" என்று எடுத்தால் இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும் மோசமான ஆர்டர்கள் கணக்கில் வரவே வராது. "இந்த வாரம் வந்தவை" என்று எடுத்து, அவற்றில் பெரும்பாலும் வெளியேறும் வரை சில நாள் பொறுத்து, மிச்சம் நிற்பவற்றையும் எண்ணிச் சொல்லவேண்டும்.

பதிவு நம்பத்தக்கதா என்று தரையில் இறங்கிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. வரிசையில் நிற்பவற்றின் சராசரி எண்ணிக்கை, மணிக்கு வருபவை பெருக்கல் ஒவ்வொன்றும் நிற்கும் சராசரி நேரம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது. நிலவரம் ஓரளவு சீராக இருக்கும் நேரத்துக்குப் பொருந்தும். பல பொருள் ஆர்டர்கள் மணிக்கு 40 வருகின்றன, ஒவ்வொன்றும் துணைக்காகச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் நிற்கிறது என்று பதிவு சொன்னால், ரேக்கில் 60 ட்ரே இருக்கவேண்டும். போய் எண்ணவேண்டியதுதான். ஒரு தடவை எண்ணினால் போதாது, அரை மணிக்கு ஒருமுறை சில தடவை. 60-ஐ ஒட்டி வந்தால் பதிவை நம்பலாம். 15 தான் இருக்கிறது என்றால் ஸ்கேன்களில் ஏதோ தப்பு. அங்கே எண்ணிக்கை ஒத்துப்போனது. சூப்பர்வைசரே என்னோடு வந்து எண்ணினார்; ட்ரேக்குள் எட்டிப் பார்த்து, "அட, இதுல எல்லாத்துலயும் ஒண்ணு குறையுதே சார்" என்றார்.

மாற்றியது ஒன்றே ஒன்று. மேல் தளத்துப் பட்டியலை முதலில் வண்டி வாரியாகவும் அதற்குள் ரேக் வாரியாகவும் அச்சிடச் சொன்னோம். பிக்கரின் நடை கொஞ்சம் கூடியது. ஒரே ரேக் பக்கம் இரண்டு தடவை போகவேண்டி வந்தது. அவர் முனகியதும் நியாயம்தான்.

அடுத்த அறிக்கையில் மேலாளர் கேட்ட கேள்வி: "`pick_wait` சராசரி அப்படியே இருக்கே, என்ன பிரயோஜனம்?" உண்மைதான், அது அசையவில்லை, அசையவும் வாய்ப்பில்லை. அதே ஒரு ஆள், அதே எண்ணிக்கைப் பொருட்கள். மதிய வண்டி ஆர்டர் முன்னால் போனால் மாலை வண்டி ஆர்டர் பின்னால் போகும். மாலை ஆர்டர் ரேக்கில் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றாலும் 4:30 வண்டியைப் பிடித்துவிடுகிறது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பார்க்கவேண்டிய எண் மதிய வண்டியைத் தவறவிட்ட ஆர்டர்களின் எண்ணிக்கை, அது தெளிவாகக் குறைந்திருந்தது. அறிக்கையில் அந்த வரியை மேலே ஏற்றிவிட்டு, மேஜை வாங்கும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். வேவ் திறக்கும் வரை நிற்கும் 56 நிமிடம் அப்படியே இருக்கிறது. வேவை அரை மணிக்கு ஒன்றாகத் திறந்தால் அது குறையும். ஆனால் ஒவ்வொரு வேவிலும் ஆர்டர்கள் குறைவதால் ஒரு பொருளுக்கு ஆகும் நடை கூடும். மேல் தளத்தில் இரண்டாவது ஆள் வந்த பிறகு பார்ப்போம் என்று அதைத் தள்ளி வைத்திருக்கிறோம்.