பெயர் வைப்பதும் பெயர் எடுப்பதும்

'கடைக்குப் பெயர் வைத்தார்' என்கிறோம். 'நல்ல பெயர் எடுத்தார்' என்றும் சொல்கிறோம். வைப்பது கடைக்காரர், கொடுப்பது ஊர். பிராண்ட் அடையாளம், பிராண்ட் பிம்பம், பிராண்ட் நற்பெயர் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டிலேயே பாதி விடை இருக்கிறது.

காப்பிப்பொடி அரைத்து விற்கும் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர்ப்பலகை, பழுப்பு நிறக் கவர், கண்ணெதிரே அரைத்துத் தருவது, எண்பது பங்கு காப்பிக்கு இருபது பங்கு சிக்கரி என்ற கலவை: இவையெல்லாம் கடைக்காரர் தாமே முடிவு செய்தவை. இதுதான் அடையாளம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மனத்தில் தோன்றுவது பிம்பம். தெருமுனையில் இறங்கியதுமே மூக்கைத் தொடும் வாசனை ஒருவருக்கு நினைவு வரும். கல்லூரி மாணவிக்கோ 'தாத்தா வாங்கும் கடை' என்று தோன்றும். அவள் அங்கே ஒருமுறைகூட வாங்கியிருக்க மாட்டாள். வாங்காதவர் மனத்திலும் பிம்பம் உண்டு.

நற்பெயர் அப்படி வருவதில்லை. பத்து ஆண்டுகளாக வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் எடை, மணம், விலை எல்லாவற்றையும் பார்த்துச் சேர்த்துவைத்த தீர்ப்பு அது. 'கல்யாணத்துக்குப் பொடி எங்கே வாங்கலாம்?' என்று உறவினர் கேட்டால், தயங்காமல் இந்தக் கடையைச் சொல்வார்களா என்பதே அதற்கான அளவுகோல்.

இப்போது கொட்டை விலை ஏறுகிறது. கடைக்காரர் கலவையை 60:40 ஆக்கி, கவரில் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார். கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுத் தர விதி. ஆகவே சட்டப்படி தவறில்லை. ஆனால் சிக்கரி நிறத்தைக் கூட்டும், காப்பியின் மணத்தைத் தராது. கறுப்பாக இறங்கும் டிகாக்‌ஷனில் மணம் குறைவதை நாள்தோறும் குடிப்பவர் ஒரு வாரத்திலேயே கண்டுகொள்வார். வாங்காதவர்களிடம் 'சுத்தமான பொடி' என்ற பிம்பம் மாறாமல் இருக்கும். புதியவர்கள் வந்துகொண்டே இருப்பதால் கல்லாவில் சில மாதங்களுக்குக் குறை தெரியாது. என்னைக் கேட்டால், மிகவும் ஆபத்தான காலம் இதுதான்.

விற்பனை சரிந்த பிறகு பலர் பலகையை மாற்றுகிறார்கள், விளம்பரம் கொடுக்கிறார்கள். நோய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். புதியவர்கள் வரவில்லை, பழையவர்கள் தொடர்கிறார்கள் என்றால் பிம்பத்தில் கோளாறு. அதற்கு விளம்பரம் உதவும். புதியவர்கள் வந்தும் பழையவர்கள் நின்றுவிட்டால் நற்பெயரில் அடி விழுந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு கலவையும் கவுண்டரில் நிற்பவர் வேறொரு கலவையும் சொன்னால் அடையாளமே கலைந்திருக்கிறது.

நம் கடைக்காரருக்கு இரண்டாவது நோய். மறுபடி 80:20 அரைத்து, அந்த விகிதத்தை அரைக்கும் இயந்திரத்தின் மேலேயே பெரிதாக எழுதி மாட்ட வேண்டும். மாதந்தோறும் ஒரு கிலோ வாங்கிய பழைய வாடிக்கையாளர் திரும்பி வரலாம். ஆனால் முதல் மாதம் அவர் நூறு கிராம்தான் வாங்குவார்.