ராவ்-பிளாக்வெல்லாக்கம்: சொல்லும் பொருளும்

பெயரைக் கேட்டால் ஏதோ வேதிவினை போல இருக்கிறது. இரண்டு ஆட்களின் பெயரைச் சேர்த்து, பின்னால் ‘ஆக்கம்’ ஒட்டிய சொல், அவ்வளவுதான். புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1945-இல் கல்கத்தா கணிதக் கழக இதழில் எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்து வந்தது. டேவிட் பிளாக்வெல் 1947-இல் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தேற்றத்துக்கு இருவர் பெயரும் நின்றுவிட்டது, அப்புறம் அதைச் செய்யும் வேலைக்கும் அதே பெயரை வினையாக்கிவிட்டார்கள்.

என்ன வேலை? கையில் ஒரு முரட்டு மதிப்பீட்டான், அதாவது மாதிரியைப் பார்த்துத் தெரியாத எண்ணை ஊகிக்கும் வழி, இருக்கிறது. அது கோடலற்றது, அதாவது திரும்பத் திரும்பச் செய்தால் சராசரியில் சரியான விடைக்கே வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக ஆடும். (‘சார்பற்ற’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறொரு கருத்தோடு குழம்பும். ஒரு பக்கம் சாயாமையைக் கோடாமை என்பது பழைய தமிழ், எனவே என் ஓட்டு ‘கோடலற்ற’ என்பதற்கே.) அந்த ஆட்டத்தை, கோடல் எதுவும் நுழையாமல், குறைப்பதுதான் வேலை.

ஒரு புத்தகத்தில் ஐந்து பக்கங்களைப் பார்க்கிறீர்கள். அச்சுப்பிழைகள் வரிசையாக 1, 0, 2, 0, 1. பிழை எண்ணிக்கை, தற்செயலாக அங்கங்கே விழும் நிகழ்வுகளை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது, சராசரி λ தெரியாது என்று வைப்போம். ஒரு பக்கம் பிழையே இல்லாமல் இருக்கும் நிகழ்தகவு, அதாவது e^(−λ), வேண்டும். மிக முரடான வழி: முதல் பக்கத்தை மட்டும் பார், பிழையில்லை என்றால் 1, இருந்தால் 0. சிரிப்பாக இருந்தாலும் இது கோடலற்றதுதான். இங்கே விடை 0, ஆனால் இரண்டாம் பக்கத்தை முதலில் புரட்டியிருந்தால் விடை 1.

இப்போது மொத்தப் பிழை T = 4 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பிழை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை மறந்துவிடுங்கள். நான்கு பிழைகளும் ஐந்து பக்கங்களில் எங்கே விழுந்திருக்கும்? ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கமும் சமம். ஒரு பிழை முதல் பக்கத்தைத் தவிர்க்க 4/5, நான்கும் தவிர்க்க (4/5)^4, கிட்டத்தட்ட 0.41. பொதுவாக, n பக்கங்களுக்கு (1 − 1/n)^T. முரட்டு மதிப்பீட்டானின் 0-ஐயும் 1-ஐயும், T தெரிந்த நிலையில் சராசரி எடுத்தோம், அதுதான் ராவ்-பிளாக்வெல்லாக்கம். λ உண்மையில் 1 என்றால் பழையதன் மாறுபாடு, அதாவது ஆட்டத்தின் அளவு, சுமார் 0.23, புதியது 0.03. ஐந்து பக்கங்களில் எத்தனை சுத்தம் என்று எண்ணி ஐந்தால் வகுத்தால்கூட 0.047 வரைதான் இறங்கும்.

மேலே போட்ட கணக்கில் λ எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? காரணம், T ஒரு போதுமான மாதிரி அளவை. ‘போதுமான’ என்பது ஃபிஷர் 1922-இல் கொடுத்த சொல்லின் நேர்த் தமிழ்: λ பற்றி மாதிரி சொல்லக்கூடிய எல்லாமே T-க்குள் இருக்கிறது, அதற்குமேல் பக்க வரிசை வெறும் குலுக்கல். வேறு எதையாவது நிபந்தனையாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டாம் பக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாருங்கள். முதல் பக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லாததால் சராசரி e^(−λ) என்றே வரும். மாறுபாடு பூச்சியம், அற்புதம்! ஆனால் அது நாம் தேடிக்கொண்டிருந்த தெரியாத எண்ணேதான். எதை நிபந்தனையாக வைத்தாலும் மாறுபாடு அதிகரிக்காது, ஆனால் விடையைக் கணக்கிட முடியவேண்டுமே, அதற்குத்தான் போதுமை.

தமிழில் என்ன சொல்லலாம்? ஆள் பெயரை விட்டுவிட்டு ‘போதளவைச் சராசரியாக்கம்’ என்றால் வேலை என்ன என்பது சொல்லிலேயே தெரிகிறது. ‘செம்மையாக்கம்’ போதாது, எதைக் கொண்டு செம்மை என்று அது சொல்லாது. ஆனால் இந்த மாற்றுச்சொல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கணினியில் மாதிரி எடுத்துக் கணக்கிடுபவர்கள், போதுமான அளவையே இல்லாமல், நிபந்தனைச் சராசரி எடுப்பதையெல்லாம் இப்பெயரால் அழைக்கிறார்கள். அங்கே பரவல் முன்பே தெரியும் என்பதால் தப்பில்லை. அந்த இடத்தில் ‘நிபந்தனைச் சராசரியாக்கம்’ என்று எழுதுவேன்.

இன்னொன்று. பிழைகள் 4, 0, 0, 0, 0 என்று ஒரே பக்கத்தில் குவிந்திருந்தாலும் T = 4 தான், சூத்திரம் அதே 0.41 கொடுக்கும், கண்ணெதிரே ஐந்தில் நான்கு பக்கம் சுத்தமாக இருக்கும்போது! சராசரி 0.8, மாதிரி மாறுபாடு 3.2. பாய்சானில் இரண்டும் அருகருகே இருக்கவேண்டும். ஐந்தே பக்கம் என்பதால் இதைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது, ஆனால் நிறையப் பக்கங்களிலும் இப்படியே இருந்தால் பாய்சான் பொருந்தவில்லை, T போதுமானதும் இல்லை. அப்போது மெருகேற்றிய விடை கோடிவிடும், முதல் பக்கத்தை மட்டும் பார்த்த அந்த முரட்டு ஆள்தான் கோடலற்றவனாக நிற்பான்.