பேஜ்ரேங்க்: தரமா, வரிசையா?

தேடுபொறியில் எது மேலே வருகிறது, ஏன் வருகிறது என்று பேச்செடுத்தால் முதலில் அடிபடும் சொல் பேஜ்ரேங்க். தமிழில் இதைப் ‘பக்கத் தரவரிசை’ என்று எழுதுகிறோம். பக்கம், தரம், வரிசை என்று மூன்று சொற்கள். அதில் இரண்டு இடறுகின்றன.

பக்கம் சின்ன இடறல்தான். பேஜ் என்பது இங்கே ஆள் பெயர். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின்னோடு சேர்ந்து உருவாக்கிய கணக்கு இது. கூகுள் இதன் மேல்தான் எழுந்தது. வலைப்பக்கத்துக்கும் அதே சொல் என்பதால் சிலேடையாக அமைந்துவிட்டது. சிலேடையை மொழிபெயர்க்க முடியாது, போகட்டும்.

பெரிய இடறல் தரம். ரேங்க் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வெறும் வரிசை என்றுதான் பொருள். படைவீரர்கள் தோளோடு தோள் நிற்கிறார்களே, அந்த வரிசை. உயர்வு தாழ்வு பிறகு ஏறிய பொருள். நாமோ மொழிபெயர்க்கும்போதே தரத்தை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அந்தக் கணக்கில் தரம் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

மூன்றே பக்கங்கள் உள்ள ஒரு வலை என்று வைத்துக்கொள்வோம். அ என்ற பக்கம் ஆ, இ இரண்டுக்கும் இணைப்பு தருகிறது. ஆ என்ற பக்கம் இ-க்கு மட்டும் தருகிறது. இ என்ற பக்கம் அ-வுக்கு மட்டும். ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் உள்ள மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மூன்றின் மொத்த மதிப்பு 1 என்று வைத்துத் தொடங்கி இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு கட்டத்தில் எண்கள் அசையாமல் நின்றுவிடும்: அ 0.4, ஆ 0.2, இ 0.4. (அசல் கணக்கில் இன்னொன்றும் உண்டு. இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போகும் ஒருவர், நூற்றுக்குப் பதினைந்து முறை சலித்துப்போய் வேறெங்கோ தாவிவிடுவார் என்று வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அதை விட்டுவிட்டேன்.)

ஆ-வில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? மூன்றில் உண்மையான தகவல் உள்ள ஒரே பக்கம் அதுவாகவே இருக்கலாம். கணக்குக்கு அது தெரியாது. யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். நல்ல பக்கத்தைப் பலர் சுட்டுவார்கள் என்பது அதன் நம்பிக்கை. பெரும்பாலும் அது பலிக்கும். பலிக்காதபோதுதான் வேடிக்கை.

2003இல் அப்படி ஒன்று நடந்தது. இணைப்பு கொடுக்கும்போது அதன்மேல் எழுதும் சொற்களையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது. இதைக் கவனித்த சிலர், `miserable failure` என்ற சொற்களில் வெள்ளை மாளிகைத் தளத்தில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புக்கு ஊர்ப்பட்ட இணைப்பு கொடுத்தார்கள். படுதோல்வி என்று தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்றவர் அமெரிக்க அதிபர். அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே இல்லை! கூகுள் தன் முறையை மாற்றி இதை அடக்க 2007 ஜனவரி ஆயிற்று.

இன்று இணைப்போடு வேறு பல அளவுகளும் சேர்ந்துதான் வரிசை அமைகிறது: தேடிய சொல்லோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு புதியது, தேடுபவர் எங்கே இருக்கிறார் என்று. ஆனாலும் இவையெல்லாம் வெளி அடையாளங்களே. சொன்னது மெய்யா என்று உட்கார்ந்து விசாரிக்கும் வேலை இதில் இல்லை. அவற்றுக்கும் மேலே காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரம் வேறு. விளம்பரத்தை நம்பிய தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று பேஜும் பிரின்னும் 1998 கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள் என்பது தனிக்கதை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் அந்த எண்ணை ‘இணைப்பெடை’ எனலாம். எதனால் வந்த எடை என்பது சொல்லிலேயே தெரிகிறது. முடிவுகள் அடுக்கப்படும் ஒழுங்குக்கு ‘முடிவு வரிசை’ போதும். வரிசையும் அப்பழுக்கற்ற சொல் இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் ‘வரிசை அறிதலோ அரிதே’ என்று பாடும்போது வரிசைக்குத் தகுதி என்றுதான் பொருள். பரிசில் கேட்டு வரும் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்காதே என்கிறார். சீர்வரிசை, வரிசை வைத்தல் என்பவற்றிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரேஷன் கடை வாசலில் முதல் ஆளாக நிற்பவரை ஊரிலேயே உயர்ந்தவர் என்று இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சீக்கிரம் வந்து நின்றார், அவ்வளவுதான். ‘கூகுள் தரவரிசையில் முதலிடம்’ என்று எழுதும் இடத்தில் ‘கூகுள் முடிவு வரிசையில் முதலில் வந்தது’ என்று எழுதிப் பாருங்கள்.