மேனுவலில் எடுத்தும் டைம்லாப்ஸ் ஏன் மினுக்குகிறது?

"எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டிவிட்டுத்தான் சூரிய அஸ்தமனத்தை எடுத்தேன். இருட்ட இருட்ட ஷட்டரை மட்டும் கூட்டினேன். ஆனாலும் வீடியோ படபடவென மினுக்குகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் படத்தில் இருப்பது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் போனால் ஒன்றும் சரியாகாது.

முதல் கோளாறு, ஷட்டரை மாற்றும்போது வரும் தாவல். 1/60-லிருந்து 1/50-க்குப் போனால் வெளிச்சம் 1.2 மடங்குதானே கூடும் என்று தோன்றும். ஆனால் கேமராவில் தெரியும் எண்கள் முழுமையாக்கப்பட்டவை. உண்மையான படி மூன்றில் ஒரு ஸ்டாப், அதாவது 1.26 மடங்கு. 1.2 என்று வைத்துத் திருத்தினால் 5 சதவீதத் தாவல் அப்படியே மிஞ்சும்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான லென்ஸ்களில் அப்பர்ச்சர் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் அந்த நொடியில் மட்டும் இதழ்கள் மூடி, மறுபடி திறக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/16 வைத்தால் துளையின் விட்டம் ஏறக்குறைய 3.1 மி.மீ. இதழ்கள் சற்றே பிசகி விட்டம் 0.05 மி.மீ. கூடினால் அது 1.6 சதவீதம். வெளிச்சம் பரப்பைப் பொறுத்தது என்பதால் அது 3 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். தனிப் படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நொடிக்கு 25 படம் ஓடும்போது உறுத்தும். ஆனால் கோப்பில் எல்லாப் படத்திலும் எஃப்/16 என்றே பதிவாகியிருக்கும். அதனால் இதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உதாரணமாக, 101-ஆம் படம் 100-ஆம் படத்தைவிட 1.30 மடங்கு வெளிச்சமாக இருக்கிறது, இடையில் ஷட்டர் ஒரு படி மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 101-லிருந்து வரும் எல்லாப் படங்களையும் 1.26-ஆல் வகுத்து ஷட்டரின் பங்கை நீக்குங்கள். 101-இல் மிச்சம் 1.03. அப்புறம் முன்னும் பின்னும் ஏழெட்டுப் படங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்த 3 சதவீதத்தைக் குறையுங்கள். வரிசையை மாற்றி, சராசரியை முதலில் எடுத்தால் ஷட்டர் தாவலும் அதற்குள் கலந்து, பக்கத்துப் படங்களும் கெட்டுவிடும். கடைசியாக, நீக்கிய அந்த 1.26-ஐ அடுத்த ஷட்டர் மாற்றம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் படிக்குப் படி படம் இருண்டுகொண்டே போகும்.

இந்தக் கணக்கை ரா கோப்பில் செய்யுங்கள். ஜேபெக்கில் பிக்சல் எண் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இருக்காது. அளக்கும் பகுதியில் மேகமோ வண்டி விளக்கோ கடந்துபோனால் சராசரி ஏமாற்றும். அசையாத பகுதியைத் தேர்ந்து, சராசரிக்குப் பதில் நடுமதிப்பை எடுப்பது நல்லது.

சூரிய வட்டம் முற்றிலும் வெளுத்துப் போயிருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. அங்கே பதிவானது வெறும் உச்ச எண். அதைக் குறைத்தால் சாம்பல் நிறமாகும், அந்தச் சாம்பல் படத்துக்குப் படம் மாறி மினுக்கும். அதனால் இதழ்களால் வரும் மினுக்கலை எடுக்கும்போதே தவிர்ப்பது மேல். லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் இதழ்கள் அசையவே தேவையில்லை. கையால் திருகும் அப்பர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டி எஃப்/8-இல் வைத்தால், இதழ்கள் இரவு முழுக்க அங்கேயே நிற்கும்.