நீண்ட மொட்டைமாடி எங்கே வெடிக்கிறது, ஏன்?

கோடையில் மொட்டைமாடித் தளம் வெடித்தால் "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சூடேறும் நேரத்தில் கான்கிரீட் பெரும்பாலும் வெடிப்பதில்லை. அப்போது அது நீளப் பார்க்கிறது. சுவரும் தூணும் மறித்தால் அதற்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டி. இழுத்தால்தான் நோஞ்சான்: தாங்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவிசையிலேயே வெடித்துவிடும். அதனால் பகலில் முதலில் வெடிப்பது தளமல்ல, அதைச் சுமக்கும் செங்கல் சுவர். தளத்தின் முறை வெயில் தணிந்து அது சுருங்கும்போது வருகிறது. சுட்டுக்கிடக்கும் தளத்தில் திடீர் மழை பெய்தால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். அடிப்பகுதியோ இன்னும் சூடாகவே இருக்கும், விடாது. மேலே விரிசல் விழ அது போதும்.

எவ்வளவு நீளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு மீட்டர் கான்கிரீட், ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். 48 மீட்டர் நீள மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். குளிர்கால விடியலில் தளத்தின் சராசரி வெப்பநிலை 20 டிகிரி, கோடைப் பிற்பகலில் 55 டிகிரி என்றால் வித்தியாசம் 35. 48 × 35 × 0.01 = 16.8 மில்லிமீட்டர். நடுப்பகுதி அசையாமல் இருந்தால் இரு முனைகளும் ஆளுக்கு 8.4 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். நிழலில் நிற்கும் சுவர் அவ்வளவு சூடாவதில்லை. செங்கல் விரிவதும் கான்கிரீட்டைவிடக் குறைவு. தளம் நகர, சுவர் நிற்க, தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடுகிறது.

இது வெப்பத்தால் வந்ததுதானா என்று கண்டுபிடிக்கலாம். விரிசல் கட்டடத்தின் முனைகளில் அகலமாகவும் நடுவை நெருங்க நெருங்க மெலிந்தும் இருக்கும். இரு பக்கமும் ஒரு பென்சில் குறி வைத்து, விடியலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடைவெளியை அளந்தால் அளவு மாறும். அடித்தளம் இறங்கியதால் வந்த விரிசல் இப்படி ஒரே நாளுக்குள் மாறி மாறி அசையாது.

இதே 48 மீட்டரை நடுவில் பிரித்து, தளம் விரிந்து சுருங்க இடம் தரும் இடைவெளியை, அதாவது எக்ஸ்பான்ஷன் ஜாயின்டை, விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு பாதியும் 24 மீட்டர். ஒவ்வொன்றும் தன் நடுவிலிருந்து 12 மீட்டரைத்தான் ஜாயின்ட் பக்கம் நீட்டும். இரண்டும் சேர்ந்து 24 மீட்டர். ஆகவே இடைவெளியின் ஏற்ற இறக்கம் 8.4 மில்லிமீட்டர். முனைகளின் நகர்வும் 4.2 ஆகக் குறைகிறது. ஒரு பாதியின் கோடியில் லிஃப்ட் சுவர் போன்ற கனமான அமைப்பு இருந்தால் அசையாத புள்ளி அங்கே போய்விடும். அப்போது கணக்கை மாற்றிப் போட வேண்டும்.

இடைவெளி 25 மில்லிமீட்டர் என்று வைப்போம். அதை அடைக்கும் சீலன்ட் தன் அகலத்தில் 25 சதவீதம் விரியவோ சுருங்கவோ கூடிய ரகம். எந்த நேரத்தில் நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிதமான வெப்பத்தில், இடைவெளி 25 ஆக இருக்கும்போது நிரப்பினால் அது இரு பக்கமும் 4.2 தான் அசையும், அதாவது 17 சதவீதம், தாங்கும். உச்சி வெயிலில் இடைவெளி 20.8 ஆக ஒடுங்கியிருக்கும்போது நிரப்பினால், பிறகு வரும் 8.4 முழுவதும் இழுவையாகவே வரும், 40 சதவீதம். முதல் குளிர்காலத்திலேயே சீலன்ட் ஓரம் விட்டுக் கிழியும். புதுக் கான்கிரீட் காயும்போதும் சுருங்கி இடைவெளியை இன்னும் அகட்டும். அவசரப்படாமல் சில மாதம் பொறுத்து நிரப்புவது நல்லது.

நிரப்புமுன் இடைவெளிக்குள் நுரை உருளை ஒன்றைத் திணிக்க வேண்டும். அது சீலன்டின் ஆழத்தை அகலத்தில் பாதியாக, இங்கே 12 மில்லிமீட்டர் அளவில், நிறுத்தும். அடியில் ஒட்டவும் விடாது. இரு ஓரங்களில் மட்டும் ஒட்டினால் சீலன்ட் ரப்பர்போல நீளும்; அடியிலும் ஒட்டினால் நீள இடமின்றிப் பிய்ந்துவிடும்.

சீலன்டை மட்டும் நம்பி மழைநீரைத் தடுக்க முடியாது. ஜாயின்டின் இரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உயர வரம்பு எழுப்பி, மேலே தகடு போட வேண்டும். தகட்டை ஒரு பக்க வரம்பில் மட்டுமே திருகலாம். இரு பக்கமும் திருகினால் தளம் அசையும்போது திருகு பிடுங்கிக்கொள்ளும்.

தோற்றுப்போகும் ஜாயின்ட்களில் வழக்கமாகக் காணும் தவறு, தளத்தில் விட்ட இடைவெளியை மேலே மூடிவிடுவது. தளவோடு பதிப்பவர் அதன் மேலேயே ஓடு ஒட்டிவிடுவார். கைப்பிடிச் சுவர் வெட்டப்படாமல் ஒரே நீளமாக ஓடும். அந்த ஓட்டிலும் சுவரிலும் சரியாக ஜாயின்டுக்கு நேரே கோடு விழும். இடைவெளிக்குள் விழுந்து இறுகிய கலவைக்கட்டியும் அதே கேடுதான் செய்யும்: சூட்டில் இரு தளங்களும் அந்தக் கட்டியில் முட்டி, ஓரம் சிதறும். பழைய ஜாயின்டைச் சரிசெய்ய வருபவர் சீலன்டைத் தொடும் முன், மேல் ஓட்டிலிருந்து தளத்தின் அடிவரை ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்கட்டும். அது எங்கே தட்டுகிறதோ அங்கே உளியால் கொத்தி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.