வழியிருப்பு: ‘ஸ்டாக் இன் டிரான்ஸிட்’ என்னும் சொல்லின் விளக்கம்

ஒரு கிடங்கிலிருந்து புறப்பட்டு, மற்றொரு கிடங்கில் இன்னும் வரவு வைக்கப்படாத சரக்கைக் கணக்காளர்களும் கிடங்கு மேலாளர்களும் ‘ஸ்டாக் இன் டிரான்ஸிட்’ என்று அழைக்கின்றனர். சரக்கு லாரியில் இருக்கிறது என்பதை மட்டுமே இச்சொல் நேரடியாகக் கூறுகிறது. அச்சரக்கு யாருடையது, கெட்டால் இழப்பு யாரைச் சேரும், எந்த மதிப்பில் ஏட்டில் நிற்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் சொல்லுக்குள் விடை கிடையாது. இம்மூன்றும் ஒரே நாளில் மாறியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிதியாண்டு முடிவில் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி இவற்றை ஒன்றாக எண்ணிவிடுவதிலிருந்தே பிறக்கிறது.

‘டிரான்ஸிட்’ என்பது இலத்தீன் மொழியின் ‘டிரான்ஸீரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து, ‘ஈரே’ என்றால் செல்லுதல். ‘ஸ்டாக்’ என்பது பழைய ஆங்கிலத்தில் அடிமரத்தைக் குறித்த சொல். சேமித்து வைத்த பொருள் என்ற பொருள் அதற்குப் பின்னாளில் ஏற்பட்டது. அசையாமல் நிற்பதைக் குறித்த சொல்லும் கடந்து செல்வதைக் குறிக்கும் சொல்லும் இத்தொடரில் இணைந்திருக்கின்றன.

தமிழில் கணக்குப்பதிவியல் நூல்கள் ‘வழியிலுள்ள சரக்கு’ என்று எழுதுகின்றன. பேச்சிலும் ‘சரக்கு வழியில் இருக்கிறது’ என்பதே வழக்கு. எனவே பொருளைக் குறிக்க இதுவே போதும். ‘நகரும் சரக்கு’ என்று எழுதினால் விரைவில் விற்றுத் தீரும் சரக்கோடு குழம்பும். ‘கடவுச் சரக்கு’ என்பதை ஒரு நாட்டின் வழியே வேறொரு நாட்டுக்குச் செல்லும் சுங்கச் சரக்குக்கு ஒதுக்கிவிடலாம். ஏட்டில் ஒரு கணக்குத் தலைப்பாக எழுதச் சிறிய சொல் வேண்டுமென்றால், ‘கையிருப்பு’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால், அதற்கு இணையாக ‘வழியிருப்பு’ என்று அமைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. கையில் இருப்பது கையிருப்பு, வழியில் இருப்பது வழியிருப்பு. இரண்டும் சேர்ந்ததே நிறுவனத்தின் மொத்த இருப்பு என்பதும் அச்சொற்களிலேயே விளங்கிவிடும்.

பொருள் விளங்க ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு நாக்பூரில் சொந்தக் கிடங்கு ஒன்று உண்டு. மார்ச் 30 அன்று 200 பம்புகள் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டு, ஏப்ரல் 3 அன்று நாக்பூரில் இறக்கப்படுகின்றன. ஒரு பம்பின் உற்பத்தி அடக்கவிலை 6,000 ரூபாய். நிறுவனத்தின் உள்வழக்கப்படி நாக்பூர் கிடங்குக்கு 7,500 ரூபாய் வீதம் பட்டியல் போடப்படுகிறது. லாரி வாடகை 40,000 ரூபாய், அதாவது பம்பு ஒன்றுக்கு 200 ரூபாய். மார்ச் 31 அன்று நள்ளிரவில் லாரி எங்கோ நெடுஞ்சாலையில் இருக்கிறது.

முதலில் உடைமை. இரண்டு கிடங்கும் ஒரே நிறுவனத்துக்குரியவை. தன் பொருளைத் தனக்கே ஒருவர் விற்க இயலாது. ஆகவே லாரி புறப்பட்டபோதும், சாலையில் இருந்தபோதும், இறங்கியபோதும் உடைமை மாறவே இல்லை; விற்பனையும் இல்லை, இலாபமும் இல்லை. ஆனால் சரக்கு சேவை வரிச் சட்டம் இதே நிகழ்வை வேறு கண்ணோடு பார்க்கிறது. ஒரே நிறுவனம் இரண்டு மாநிலங்களில் பெற்ற இரண்டு பதிவுகளும் அச்சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இரண்டு தனித்தனி நபர்களாகக் கருதப்படும். அவர்களுக்கிடையே பணம் கைமாறாமல் சரக்கு சென்றாலும் முதலாம் அட்டவணை அதை வழங்கலாகக் கொள்கிறது. எனவே கோயம்புத்தூர் பதிவு 15 லட்சம் ரூபாய்க்கு வரிப்பட்டியல் எழுதி, மார்ச் மாத வரிப்படிவத்தில் வரி காட்ட வேண்டும். நாக்பூர் பதிவோ சரக்கு கைக்கு வந்த பிறகுதான் உள்ளீட்டு வரி வரவை எடுக்கலாம் என்பதால், அது ஏப்ரல் மாதத்துக்குச் செல்கிறது. வரிப்படிவத்தில் 15 லட்சம் விற்றுமுதலாகத் தெரிவதும், நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் அது ஒரு ரூபாயும் விற்பனையாகத் தெரியாததும் முரண் போலத் தோன்றினாலும் இரண்டுமே சரியானவை. அந்த வேறுபாட்டை இணக்கப் பட்டியலில் விளக்கி எழுதினால் போதும். இதே பம்புகள் ஓசூரிலுள்ள கிடங்குக்கு, அதே வரிப்பதிவின் கீழ் சென்றிருந்தால், அனுப்புச் சீட்டும் மின்வழிச்சீட்டும் மட்டுமே தேவைப்பட்டிருக்கும்; வரியே எழுந்திருக்காது.

அடுத்தது மதிப்பு. நடைமுறையில் மிகுதியாகத் தவறு நேரும் இடம் இது. மார்ச் 31 அன்று இருப்புநிலைக் குறிப்பில் இந்த 200 பம்புகள் 12 லட்சம் ரூபாய்க்குத்தான் நிற்க வேண்டும். பட்டியலில் 15 லட்சம் என்று எழுதியிருப்பது வரிக்காகவும் கிடங்குகளின் உட்கணக்குக்காகவும் வைத்த எண். அதிலுள்ள 3 லட்சம் இன்னும் யாரிடமும் ஈட்டப்படாத இலாபம். நாக்பூர் கிடங்கு தனி ஏடு வைத்திருந்தால், கோயம்புத்தூர் ஏட்டில் ‘நாக்பூர் கிடங்குக் கணக்கு’ 15 லட்சம் பற்றாகியிருக்கும். நாக்பூர் ஏட்டில் ஏப்ரல் 3 வரை ஒன்றுமே இருக்காது. ஆண்டு முடிவில் அந்த 15 லட்சத்தை வழியிருப்பு என்ற தலைப்புக்கு மாற்றி, அதிலிருந்து 3 லட்சத்தைக் கழித்துவிட வேண்டும். இக்கழிவைச் செய்ய மறந்த நிறுவனத்தின் இலாபம், ஒரு பம்புகூட விற்காமலே 3 லட்சம் உயர்ந்து காட்சியளிக்கும். 15 லட்சத்தை வழியிருப்புக்கு மாற்றாமலே விட்டுவிட்டால், ஒருங்கிணைந்த ஏட்டில் கிடங்குக் கணக்கு பொருந்தாது தொங்கும்; அதைச் சமன் செய்ய யாரேனும் தற்காலிகக் கணக்கில் தள்ளிவிட்டால் சரக்கே ஏட்டிலிருந்து மறைந்துபோகும்.

லாரி வாடகையை மதிப்பில் சேர்க்கலாமா என்பது சற்று நுட்பமான கேள்வி. சரக்கிருப்பு பற்றிய கணக்கியல் தரநிலை, சரக்கை அதன் இப்போதைய இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவை அடக்கவிலையில் சேர்க்கச் சொல்கிறது. விற்பனைச் செலவை விலக்குகிறது. நாக்பூரில் விற்பதற்கு நாக்பூருக்குக் கொண்டுசென்றே ஆக வேண்டுமென்பதால், சரக்கு இறங்கியதும் பம்பு ஒன்றின் அடக்கம் 6,200 ரூபாயாவது முறையே. மார்ச் 31 அன்று பாதி வழியில் இருக்கும்போது, கடந்த தூரத்துக்குரிய வாடகையை மட்டும் சேர்ப்பது கண்டிப்பான முறை. தொகை சிறிதாயின் முழு வாடகையையும் வந்துசேர்ந்த மாதத்தில் காட்டும் நிறுவனங்களும் உண்டு, அதனால் கணக்கு பெரிதாகப் பிறழாது. ஆனால் நாக்பூரில் விற்காமல் தேங்கியதால் அதே பம்புகளைப் புணேவுக்கும், அங்கிருந்து மீண்டும் கோயம்புத்தூருக்கும் அனுப்பினால், அந்த வாடகைகளை அடக்கவிலையில் ஏற்றிக்கொண்டே போவது தவறு. திட்டமிடாத அலைச்சலால் பம்பின் மதிப்பு கூடுவதில்லை; அச்செலவு அந்த ஆண்டின் செலவாகவே எழுதப்பட வேண்டும்.

நாக்பூரில் இருப்பது கிடங்காக இல்லாமல், அந்நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருந்தால் நிலைமை அடியோடு மாறும். துணை நிறுவனம் சட்டத்தின் முன் வேறு நபர். அதற்குச் செல்வது விற்பனை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, உடைமை எப்போது மாற வேண்டுமென்று இரு தரப்பும் கருதினவோ அப்போது மாறும். ஒப்பந்தம் வேறாகக் கூறாவிட்டால் இழப்பின் பொறுப்பும் உடைமையோடு சேர்ந்தே செல்லும். ஒப்பந்தத்துக்கு ஏற்ற சரக்கைப் பிரித்தெடுத்து, தன் உரிமை எதையும் நிறுத்திவைக்காமல் வாங்குபவருக்காக லாரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால், பொதுவாக அப்போதே உடைமை கைமாறுகிறது. அந்நிலையில் மார்ச் 31 அன்று வழியிருப்பு துணை நிறுவனத்தின் ஏட்டில், அது கொடுக்க ஒப்புக்கொண்ட 15 லட்சம் ரூபாய்க்கு நிற்கும். மாறாக ‘நாக்பூர் கிடங்கில் ஒப்படைக்கும் வரை எங்கள் பொறுப்பு’ என்று ஒப்பந்தம் கூறினால், அதே லாரியிலுள்ள அதே பம்புகள் தாய் நிறுவனத்தின் ஏட்டில் 12 லட்சத்துக்கு நிற்கும்; விற்பனை ஏப்ரலில்தான் பதிவாகும். இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்துக் குழுமக் கணக்கு எழுதும்போது, எந்த ஒப்பந்தமாயினும் 3 லட்சம் நீக்கப்பட்டு, சரக்கு மீண்டும் 12 லட்சத்துக்கே திரும்பும். இச்சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: உடைமை வாங்குபவரிடம் சென்றுவிட்ட பின்னும், அவர் நொடித்துப்போனால், விலை பெறாத விற்பனையாளர் வழியிலுள்ள சரக்கைத் தடுத்து நிறுத்தலாம். உடைமையும் வழிப்பயணமும் வெவ்வேறு கடிகாரங்களில் ஓடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கணினி முறைகள் இதை எவ்வாறு கையாளுகின்றன என்பதையும் அறிந்திருப்பது நல்லது. SAP மென்பொருளில் ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைக் குறியீடுகளுக்கிடையே சரக்கு மாற்ற ஆணை போட்டு, `641` என்ற நகர்வு வகையில் அனுப்புப் பதிவு செய்தால், சரக்கு லாரியில் ஏறிய அன்றே அதன் மதிப்பு பெறும் ஆலையின் ஏட்டுக்குச் சென்றுவிடும். `101` என்ற பெறுகைப் பதிவு பின்னர் அளவை மட்டும் கையிருப்புக்கு மாற்றும். இடைப்பட்ட நாட்களில் `MB5T` என்ற திரையில் அது தெரியும். இன்னும் பார்க்காத சரக்கின் மதிப்பு தன் ஏட்டில் ஏன் ஏறியது என்று நாக்பூர் மேலாளர் கேட்டால், அது மென்பொருளின் பிழையன்று, வடிவமைப்பே அப்படி என்று அவருக்கு விளக்க வேண்டும்.

வழியிருப்பில் தவறு இருப்பதைக் கண்டறிய மிக நம்பகமான வழி அதன் வயதைப் பார்ப்பது. நான்கு நாள் பயணத்துக்கு உரிய சரக்கு நாற்பது நாளாக அத்தலைப்பில் நின்றால், அது சாலையில் இல்லை. இறங்கியும் பெறுகைப் பதிவு செய்யப்படாமல் இருக்கலாம், அல்லது குறைந்திருக்கலாம். மார்ச் 31 அன்று இரு கிடங்குகளிலும் கையிருப்பை எண்ணும்போது, லாரி ரசீதின் நாளையும் பெறுகைச் சீட்டின் நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நாக்பூர் ஊழியர் ஏப்ரல் 3இல் வந்த சரக்கை மார்ச் 31 என்று பின்தேதியிட்டு எழுதி, ஒரே பம்பு கையிருப்பிலும் வழியிருப்பிலும் இரண்டு முறை எண்ணப்பட்டதும் வெளிப்படும்.

நம் எடுத்துக்காட்டில் 200 புறப்பட்டு 196 மட்டுமே இறங்கியதாகக் கொள்வோம். பெறுகைப் பதிவு 196க்கே செய்யப்பட வேண்டும். மீதி 4 பம்புகள், 24,000 ரூபாய், வழியிருப்பிலேயே தங்கும். குறைவை லாரி ரசீதின் மீதே எழுதி ஓட்டுநரின் கையொப்பம் பெற வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கேற்றச் சட்டப்படி, சரக்கை அனுப்ப லாரி நிறுவனத்தில் பதிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுக்காவிட்டால் லாரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க இயலாது. வராத 4 பம்புகளுக்கு நாக்பூர் பதிவு வரி வரவும் எடுக்க முடியாது. இழப்பீடு உறுதியாகும் வரை அந்த 24,000 ரூபாயை இருப்பு என்ற பெயரில் வைத்திருப்பது முறையன்று. அதை இழப்பாக எழுதிவிட்டு, வரவேண்டிய இழப்பீடு உறுதியானதும் தனியே காட்ட வேண்டும்.